O எப்போதும் பூஜ்யம்

கேசவன் இதுவரை எந்த மாணவனையும் கை நீட்டி அடித்ததில்லை. அவருக்கு அதற்குத் தேவையே ஏற்படவில்லை. வாயே போதுமானதாக இருந்தது.

திருப்பதிப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், லாட்ஜுகளுக்கும் டிபன் கடைகளுக்கும் நடுவே அடுக்கி வைத்த பயிற்சி மையங்களில் ஒன்றில் அவர் ரீசனிங் வாத்தியார். ஊர் நகரிக்குப் பக்கம். அண்ணன் தம்பிகள் கரும்பும் மாங்காயும் பார்த்துக்கொள்ள, இவர் எம்.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு வங்கித் தேர்வுகளாக எழுதித் தள்ளினார். எழுத்துத் தேர்வில் எல்லாம் தேறுவார். நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்கிறவரின் கேள்வியிலேயே பிழை கண்டுபிடித்துச் சொல்லுவார். பிறகு எந்த வங்கி கூப்பிடும்? தேறாதவர்கள் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் இந்தத் தொழிலின் தர்மம். அந்தத் தர்மப்படி அவரும் வந்து சேர்ந்தார்.

அவருக்கென்று ஒரு சாம்ராஜ்யம் இருந்தது. எழுத்துக் கூட்டல். எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து ஒரு கூட்டல் கணக்கைக் கொடுப்பார்கள். எந்த எழுத்து எந்த எண் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒரே எண்தான், இரண்டு எழுத்துகளுக்கு ஒரே எண் கூடாது, சொல்லின் முதல் எழுத்து பூஜ்யமாக இருக்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளில் இது வரும். பையன்கள் இதைக் கண்டால் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள்.

கேசவன் வலது ஓரத்திலிருந்து, ஒன்று, பத்து, நூறு என்று வரிசை வரிசையாகப் பிரித்துப் போடுவார். எந்த வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குக் கையில் ஒன்று போகிறது, எதிலிருந்து போகாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நடக்கவே முடியாததை வெட்டிக்கொண்டே போவார். கடைசியில் மிஞ்சுவதுதான் விடை. அதைப் பார்க்க உண்மையிலேயே அழகாக இருக்கும். அதைக் கற்றுக்கொடுக்கிற நேரத்தில் அவர் எதிரில் உட்கார்ந்திருப்பது மட்டும் அழகாக இருக்காது. ஒரு வரிசையில் ஓர் எழுத்தோடு இன்னொன்றைக் கூட்டியும் அதே எழுத்து வந்தால், கூட்டிய எழுத்து என்னவாக இருக்கும் என்று கேட்பார். யாராவது ஒருவன் பூஜ்யம் என்பான். அவ்வளவுதான், அவன் கதை முடிந்தது. பூஜ்யமும் ஆகலாம், ஒன்பதும் ஆகலாம். முந்தின வரிசையிலிருந்து ஒன்று வந்தால் ஒன்பதும் ஒன்றும் பத்து, எழுத்து மாறாது, கையில் ஒன்று அடுத்த வரிசைக்குப் போகும் என்று விளக்குவார். அந்தப் பையனின் அப்பா எந்த ஊர், அவர் என்ன செய்கிறார், இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு அவர் என்ன பாவம் செய்தார் என்றும் சேர்த்து விசாரிப்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஹரிபாபு போன்ற ஒருவன் சக ஆசிரியனாக வாய்த்தது விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஹரிபாபு சித்தூர்க்காரன், சின்ன வயது, நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. வரிசை, கையில் ஒன்று போகிற கேரி என்ற வம்பெல்லாம் அவனிடம் கிடையாது. கேள்விக்குக் கீழே நான்கு விடை கொடுத்திருக்கிறார்களே, ஒவ்வொன்றாக உள்ளே போட்டுப் பார், எது பொருந்துகிறதோ அதில் புள்ளி வைத்துவிட்டு நகரு என்பான். பயிற்சிப் புத்தகங்களில் எல்லாம் முதலில் வருகிற பழைய கணக்கு ஒன்று உண்டு. அதில் M ஒன்று, O பூஜ்யம், S ஒன்பது. அதை அவன் மந்திரம் போலவே ஓதக் கற்றுக்கொடுத்தான். M ஒன்று, O பூஜ்யம், S ஒன்பது; எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள் என்பான். பையன்களுக்கு அவனை ரொம்பப் பிடித்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மந்திரம் கேட்கும்போதெல்லாம் கேசவனுக்குப் பல் கூசும். O உருண்டையாக இருக்கிறது என்பதற்காக அதைப் பூஜ்யம் என்கிறவன், கோழி முட்டையைப் பார்த்தாலும் பூஜ்யம் என்பான் என்று தன் வகுப்பில் சொல்லுவார். தன் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

இந்த நிலையில்தான் ஹரிபாபு ஒரு பேனர் வைத்தான். மையத்தின் வாசலில், கைகட்டி நிற்கும் அவன் படத்துக்குப் பக்கத்தில், SRI + SRI = CITY என்று ஒரு கூட்டல். தொழிற்சாலை வேலைக்குக் கனவு காண்கிற பையன்களின் கண்ணில் படுகிற மாதிரி பக்கத்துத் தொழில் நகரமான ஸ்ரீசிட்டியையே கணக்காக்கிவிட்டான். கெட்டிக்காரத்தனம்தான், அதை மறுப்பதற்கில்லை. சரியான விடை சொல்கிறவர்களுக்கு மேடையில் பாராட்டு என்றும் போட்டிருந்தான். 734-ஐயும் 734-ஐயும் கூட்டினால் 1468. இது அவன் கையில் இருந்த விடை. ஒரு பெண் 928-ஐ இரட்டித்து 1856 என்று கொண்டுவந்தாள். தப்பு என்று அனுப்பிவிட்டான். அவள் விடவில்லை, கேசவனிடம் வந்தாள்.

கேசவனுக்கு அன்று கிடைத்த சந்தோஷம், அவர் கல்யாணத்தன்று கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆசிரியர் அறையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் பலகையின் முன் போய் நின்றார். மூன்று இலக்கத்தோடு மூன்று இலக்கம் கூட்டி நான்கு இலக்கம் வந்தால் முதல் எழுத்து C ஒன்றுதான், வேறு வழியில்லை. S-ஐ இரட்டித்தால் பத்தைத் தொட வேண்டும், ஆகவே ஐந்துக்குக் குறையாது. ஐந்தும் ஆறும் போட்டுப் பார்த்தால் எங்கேயாவது இரண்டு எழுத்துக்கு ஒரே எண் வந்து இடிக்கிறது, அடித்துவிடு. மிச்சம் ஏழு, எட்டு, ஒன்பது. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து விடைகளை எழுதிக்கொண்டே போனார். 734, 765, 836, 846, 867, 928, 938. எல்லாவற்றையும் இரட்டித்துக் காட்டினார். எல்லாமே சரி.

"ஏழுமலையான் ஊருன்னு ஏழு வெடை வச்சிக்கினியா ஹரி? மலைக்கு ஒண்ணா?" என்றார்.

அறை சிரித்தது. ஹரிபாபுவின் காது சிவந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் அது வேறு மனிதர்.

"கணக்கு போடறவன் எத்தினி வெடை வருதுன்னு பாக்கணும். கெடச்ச மொதோ வெடையிலயே குந்திக்கிறவன் வாத்தியார் இல்ல, கிளி ஜோசியக்காரன்" என்று முடித்தார். அந்த வாரம் முழுவதும் ஹரிபாபு ஆசிரியர் அறைக்கு வரவில்லை. பேனரைக் கழற்றிவிட்டார்கள்.

வீட்டில் மனைவி ஸ்வர்ணலதாவிடம் இதை ஒன்றுவிடாமல் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "ஊர்ல இருக்கிறவங்க நொட்டையெல்லாம் எண்ணிக்கினு கெட. நம்முளுத எவன்னா எண்ணுவான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். கேசவன் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார். யார்மீது யாருக்குப் பொறாமை என்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அடுத்த மாதமே மையத்தின் டைரக்டர் திருமலை இருவரையும் கூப்பிட்டனுப்பினார். திருமலைக்குக் கணக்கும் தெரியாது, ரீசனிங்கும் தெரியாது. தெரிந்தவர்களை ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்டு வேலை வாங்கத் தெரியும். புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி, கடைசி ஆண்டு மாணவர்களுக்கு வேலைத் தேர்வுப் பயிற்சி கேட்டிருக்கிறது. எழுத்துக் கூட்டலைத்தான் முக்கியமாகக் கேட்டிருக்கிறார்கள். ஓர் ஆள் அங்கே போக வேண்டும். இன்னோர் ஆள் சாந்திபுரத்தில் புதிதாகத் திறக்கிற கிளைக்குப் போக வேண்டும்.

கேசவன் மனதுக்குள் தூரத்தை அளந்தார். புத்தூர் என்றால் நகரியிலிருந்து கூப்பிடு தூரம், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சாந்திபுரமோ குப்பத்துக்குப் பக்கத்தில், மாவட்டத்தின் மறுகோடியில். அங்கே போனால் அறை எடுத்துத் தங்க வேண்டும். மகள் அடுத்த வருஷம் பத்தாவது. ஸ்வர்ணலதாவை ஒண்டியாக விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஊரில் ஹோட்டல் சாம்பாரைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டும். அவருக்குப் புத்தூர் வேண்டும். அது அவருக்கு மூச்சு மாதிரி வேண்டும்.

அனுபவத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் திருமலை கொடுத்திருப்பார். பதினைந்து வருஷத்து ஆள். ஆனால் கேட்டு வாங்குவதா? ஹரிபாபுவை வைத்துக்கொண்டு கேட்பதா? கல்லூரியிலேயே வைத்துப் பார்த்துவிடலாம், மாணவர்கள் முன்னால் ஒருவர் போடும் கணக்கை மற்றவர் பலகையில் தீர்க்கட்டும், யார் வேண்டும் என்று கல்லூரியே சொல்லட்டும் என்று கேசவனே யோசனை சொன்னார். திருமலை சந்தோஷமாகத் தலையாட்டினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள், இது அதுதான்.

கணக்கைக் கேசவன் ரயிலில் போட்டார். தினமும் வீடு திரும்புகிற மாலை ரயிலில் ரேணிகுண்டா தாண்டியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் ஆரம்பித்தது எண்களிலிருந்து. 622-ஐயும் 606-ஐயும் கூட்டினால் 1228. ஆறுக்கு S, இரண்டுக்கு E, பூஜ்யத்துக்கு O, ஒன்றுக்கு M, எட்டுக்கு T. SEE + SOS = MEET. எழுத்துகள் தானாகவே சொற்களாக வந்து விழுந்ததைப் பார்த்ததும் அவருக்குச் சிலிர்த்தது. கண்ணால் கண்டதும் காப்பாற்றச் சொல்லிக் கூவுவதும் சேர்ந்தால் சந்திப்பு. ஹரிபாபுவால் பத்து ஜென்மம் எடுத்தாலும் இப்படி ஒன்றைப் போட முடியாது என்று எதிரில் உட்கார்ந்திருந்த பூ வியாபாரியைப் பார்த்து, காரணம் சொல்லாமல் சிரித்தார்.

விடை ஒன்றுதானா என்று சோதித்தாரா என்றால், சோதித்தார். நடு வரிசையைப் பார்த்தார். E-யோடு O-வைக் கூட்டினால் E. ஆகவே O பூஜ்யம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அதற்கப்புறம் எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. பூஜ்யம் என்றால் கேரி எதுவும் இல்லை, S-இன் இரட்டிப்பு பத்தும் E-யும். S ஐந்து என்றால் E-யும் பூஜ்யமாகி O-வோடு இடிக்கும். ஏழு என்றால் E நான்கு, ஏழும் நான்கும் பதினொன்றாகிக் கேரி வந்துவிடும், ஆகாது. எட்டும் ஒன்பதும் அதே கதி. ஆறுதான், ஆறு மட்டும்தான். அவர் புத்தூர் தாண்டுவதற்குள் முடித்துவிட்டார். ஆயிரம் பையன்களின் அப்பாக்களை விசாரித்த அந்த ஒன்பது அவர் ஞாபகத்துக்கு வரவே இல்லை. விடை தெரிந்தவனுக்கு வழி முழுவதும் தெரியாது. தெரியாத விஷயம் கண்ணில் படுவதும் இல்லை.

விடைத் தேர்வுகளாக நான்கு வைத்தார். S என்ன? 5, 6, 7, 8. ஹரிபாபு போட்டுப் பார்க்கிற ஆள்தானே, நன்றாகப் போட்டுப் பார்க்கட்டும், எல்லாருக்கும் வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தார்.

கல்லூரிக் கூடத்தில் மாணவர்கள் நிரம்பியிருந்தார்கள். வேலைவாய்ப்பு அதிகாரி சபீனா மேடம் முன்வரிசையில், அருகில் திருமலை. முதலில் ஹரிபாபு ஒரு கணக்கு எழுதினான். TO + GO = OUT. சின்னக் கணக்கு. கேசவன் அதைக் கொசு அடிக்கிற மாதிரி அடித்தார். விடையின் முதல் எழுத்து O, ஆகவே ஒன்று, ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஆகவே T இரண்டு, இரண்டோடு G சேர்ந்து பத்தைத் தொட வேண்டும், ஆகவே G எட்டு அல்லது ஒன்பது, ஒன்பது என்றால் U-வும் ஒன்றாகி O-வோடு இடிக்கும், ஆகவே எட்டு, U பூஜ்யம். 21-ம் 81-ம் 102. ஒரே விடை.

முடித்துவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்திருக்கலாம். "இதுல O ஒண்ணு. பூஜ்யம்னு மந்திரம் ஓதுற சாமியாருங்க கவனிங்க" என்றார். பையன்கள் சிரித்தார்கள். ஹரிபாபுவும் மரியாதைக்குச் சிரித்தான்.

பிறகு தன் கணக்கை எழுதினார். அழகான கையெழுத்து. SEE + SOS = MEET. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சொற்களின் அழகை அவர்களும் பார்த்துவிட்டார்கள். கேசவன் அதை ரசித்துக்கொண்டு, வரிசை தெரியாதவர்களுக்காகக் கீழே நான்கு விடையும் போட்டிருக்கிறேன் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஹரிபாபு வெட்கப்படவில்லை. விடைகளைப் போட்டுத்தான் பார்ப்பேன் என்று மாணவர்களிடமே சொன்னான். கடைசியிலிருந்து ஆரம்பித்தான். S எட்டு. M எப்படியும் ஒன்று. எட்டும் எட்டும் பதினாறு, கேரி வந்தால் பதினேழு. E ஆறு அல்லது ஏழு. ஏழைப் போட்டான். ஏழும் எட்டும் பதினைந்து, T ஐந்து, கையில் ஒன்று. ஏழோடு O-வும் ஒன்றும் சேர்ந்து மறுபடி ஏழில் முடிய வேண்டும், ஆகவே O ஒன்பது, கையில் ஒன்று. 877-ம் 898-ம் 1775. அவன் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான்.

பொருந்திவிட்டது.

கேசவன் நாற்காலியில் நிமிர்ந்தார். எங்கேயோ கூட்டலில் பிசகியிருக்கிறான் என்று நினைத்தார். ஐந்து. பதினேழில் ஏழு. பதினேழு. பிசகவில்லை. எட்டு, ஏழு, ஒன்பது, ஒன்று, ஐந்து. எந்த இரண்டும் ஒன்றில்லை. அவர் கண் நடு வரிசைக்குப் போயிற்று, E-யும் O-வும் E. ஒன்பது. அப்போதுதான் அது அவருக்கு ஞாபகம் வந்தது.

இதோடு நிறுத்திவிடுவான் என்று அவர் வேண்டிக்கொண்டார். நிறுத்துகிற ஆள்தானே? பொருந்தியதும் புள்ளி வைத்துவிட்டு நகர்கிற ஆள்தானே? நிறுத்திவிட்டால், இவன் விடை எட்டு, என் விடை ஆறு என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். வாழ்க்கையில் முதல்முறையாக ஹரிபாபுவின் அரைகுறைத்தனத்தை அவர் மனதார விரும்பினார்.

ஹரிபாபு நிறுத்தவில்லை. அடுத்தது ஏழு. E ஐந்து, T இரண்டு, O ஒன்பது. 755-ம் 797-ம் 1552. அதுவும் பொருந்தியது. அடுத்தது ஆறு. 622-ம் 606-ம் 1228. அதுவும். கடைசியில் ஐந்தைப் போட்டான். E பூஜ்யமானால் T-யும் ஐந்தாகி S-ஓடு இடிக்கிறது, ஒன்றானால் M-ஓடு இடிக்கிறது. ஐந்தை மட்டும் அடித்தான்.

இதில் எது விடை என்று சபீனா மேடம் கேட்டார்.

ஹரிபாபு கேசவனைப் பார்த்தான். அவன் பார்வையில் பழிவாங்குகிற குணம் எதுவும் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "மூணும் சரிதான் மேடம். முன்னெல்லாம்னா நானும் எட்டோட நிறுத்திட்டிருப்பேன். எத்தனை விடை வருதுன்னு பாக்கணும்னு சொல்லிக் குடுத்தது கேசவன் சார்தான்" என்றான்.

பின்வரிசையில் யாரோ ஒருவன் மெதுவாக, O பூஜ்யம் என்று ராகமாக இழுத்தான். கூடம் வெடித்துச் சிரித்தது. திருமலையும் சிரித்தார். கேசவன் எழுந்து பலகைக்குப் போனார், சுண்ணக்கட்டியை எடுத்தார், நடு வரிசைக்குப் பக்கத்தில் பூஜ்யம் அல்லது ஒன்பது என்று எழுதினார். யாருக்கும் தெரியாத ஒன்றை எழுதுவதுபோல் எழுதினார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு உட்கார்ந்துகொண்டார்.

முடிவை யாரும் அறிவிக்கக்கூட இல்லை. திரும்பி வரும் வழியில் திருமலை, சாந்திபுரத்தில் நல்ல காற்று என்றார்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் சாப்பிடும்போது ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஸ்வர்ணலதா அவர் எதிர்பார்த்ததுபோல் சாடவில்லை. பையில் எத்தனை சட்டை வைப்பது என்று மட்டும் கேட்டாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. குழம்பு காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தார்.

சாந்திபுரம் போக வேண்டிய நாளில், மையத்தில் தன் மேசைச் சாவியை ஒப்படைக்கத் திருப்பதி போய்விட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்து வந்தார். மையத்தின் வாசலில் புதுப் பேனர். கைகட்டி நிற்கும் ஹரிபாபு. பக்கத்தில் பெரிய எழுத்தில் SEE + SOS = MEET. கீழே, இதற்கு விடைகள் ஒன்றல்ல, எத்தனை என்று கண்டுபிடியுங்கள் என்று போட்டிருந்தது.

கேசவன் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். பழக்கதோஷம், கண் தானாகப் பிழை தேடியது. எழுத்துகளைப் பார்த்தார், கூட்டல் குறியைப் பார்த்தார், கீழே இருந்த வாக்கியத்தை இரண்டு தடவை படித்தார். குப்பம் பேருந்தின் ஹாரன் கேட்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பேனரில் ஒரு பிழையும் இல்லை.